இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கப் போகிறீர்களா? கடைக்குப் போகும் முன் போட வேண்டிய கணக்கு

திருச்சியில் அம்மாவும் அப்பாவும் இருக்கும் வீட்டுக்கு 2021 ஜூனில் ஒரு 150 ஏ.எச். பேட்டரி வாங்கினேன். ஏ.எச். என்பது ஆம்பியர்-மணி, பேட்டரி எவ்வளவு மின்சாரத்தைத் தேக்கும் என்பதன் அளவு. "ஆறு மணி நேரம் தாராளமாக ஓடும், ஐந்து வருஷம் வாரண்டி" என்று கடைக்காரர் சொன்னதை அப்படியே நம்பினேன். அடுத்த மாதாந்திரப் பராமரிப்பு நாளன்று காலை ஒன்பது மணிக்கு மின்சாரம் நின்றது. பன்னிரண்டு இருபதுக்கு இன்வெர்ட்டர் கீச்சிடத் தொடங்கியது. ஐந்து மணி வரை வெயிலில் மின்விசிறி இல்லாமல் இருவரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். 2024 ஏப்ரலில் அதே பேட்டரி பழுதானபோது, வாரண்டி என்று நான் நம்பிய ஐந்து வருஷமும் கைக்கு எட்டவில்லை.

இரண்டு ஏமாற்றத்துக்கும் காரணம் பேட்டரியின் தரம் அல்ல. அதன் மேல் அச்சிட்டிருந்த எண்களை எப்படிப் படிப்பது என்று எனக்குத் தெரியாததுதான். இரண்டாவது பேட்டரியை வாங்குவதற்கு முன் நான் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். வீடுகளில் பெரும்பாலும் இருக்கும் 12 வோல்ட், தண்ணீர் ஊற்றும் ஈய-அமில பேட்டரியைப் பற்றித்தான் இது.

1. முதலில் வாட் கணக்கு, பிறகுதான் ஏ.எச்.

கடைக்குப் போய் "150 வேண்டுமா, 200 வேண்டுமா" என்று தொடங்காதீர்கள். மின்சாரம் நின்றால் வீட்டில் எவை ஓடியே ஆக வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எங்கள் வீட்டுப் பட்டியல் இது: பழைய வகை மின்விசிறி மூன்று, ஒவ்வொன்றும் 75 வாட், ஆக 225. எல்.இ.டி. குழல்விளக்கு மூன்று, 20 வீதம் 60. இணைய ரவுட்டர் 10. மொத்தம் 295, முழு எண்ணாக 300 வாட்.

மிக்ஸி, தண்ணீர் மோட்டார், அயர்ன் பாக்ஸ் ஆகியவற்றை இந்தப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம். எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி அவற்றின் பிளக்குகள் இன்வெர்ட்டர் லைனில் இல்லாதபடி பிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி யாருக்கும் தெரியாமல் இன்வெர்ட்டர் லைனில் இருந்தது. அதைப் பிரித்த பிறகுதான் கணக்கு கணக்காக வந்தது.

அடுத்தது, எத்தனை மணி நேரம் வேண்டும் என்பது. உங்கள் பகுதியில் எப்போதாவது அரை மணி நேரம்தான் மின்தடை என்றால் பெரிய பேட்டரி வீண் செலவு. மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் நிறுத்துகிறார்கள் என்றால் அந்த நாளை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். வீட்டில் முதியவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் அந்த ஒரு நாள்தான் முக்கியம்.

2. அச்சிட்ட ஏ.எச். எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை

கடையில் போடும் கணக்கு இதுதான்: 150 ஏ.எச். பெருக்கல் 12 வோல்ட், 1,800. அதை 300 வாட்டால் வகுத்தால் ஆறு. அதனால் ஆறு மணி நேரம். பெருக்கலில் தவறில்லை. ஆனால் இரண்டு விஷயங்கள் அதில் விடுபட்டிருக்கின்றன.

பேட்டரியின் பக்கவாட்டில் "150" என்ற எண்ணுக்கு அருகில் சிறிய எழுத்தில் சி20 என்று இருக்கும். இந்தப் பேட்டரியைச் சீராக 20 மணி நேரத்தில் காலி செய்தால் 150 ஏ.எச். கிடைக்கும் என்பது அதன் பொருள். அதாவது ஏழரை ஆம்பியர் வேகத்தில் மட்டும் எடுத்தால். ஏழரை ஆம்பியர் என்பது ஒரு பழைய மின்விசிறியை மட்டும் ஓட்டும் அளவு. அதைவிட வேகமாக எடுத்தால், ஈய-அமில பேட்டரி தன்னிடம் உள்ளது முழுவதையும் தராது. அமிலம் தகடுகளின் உட்பகுதிவரை ஊறிச் சேர்வதற்குள் மேற்பரப்பு தீர்ந்து, வோல்டேஜ் இறங்கிவிடும்.

இரண்டாவது, இன்வெர்ட்டரே தின்னும் பங்கு. 300 வாட் வெளியே தர, அது பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 375 வாட் எடுக்கும். 375-ஐ 12-ஆல் வகுத்தால் 31 ஆம்பியர். சி20 கணக்கில் சொன்ன ஏழரையைப் போல நான்கு மடங்கு. இந்த வேகத்தில் 150 ஏ.எச். பேட்டரி தருவது சுமார் 100 முதல் 105 ஏ.எச். மட்டும். 105-ஐ 31-ஆல் வகுத்துப் பாருங்கள்: மூன்று மணி இருபது நிமிடம் சொச்சம். எங்கள் வீட்டில் ஒன்பதுக்கு நின்று பன்னிரண்டு இருபதுக்குக் கீச்சிட்டதே, அது பழுதல்ல. புது பேட்டரி தன் கடமையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

மனக்கணக்குக்கு நான் வைத்திருக்கும் வழி: ஏ.எச்.-ஐ 12-ஆல் பெருக்குங்கள், பாதியாக்குங்கள், வாட்டால் வகுங்கள். 1,800-இல் பாதி 900, அதை 300-ஆல் வகுத்தால் மூன்று மணி நேரம். பேட்டரிக்கு இரண்டு மூன்று வயதான பிறகும் ஏறக்குறைய கைகொடுக்கும் எண் இது. புதிதில் இதைவிடக் கொஞ்சம் கூடவே கிடைக்கும்.

கடையில் கவனிக்க வேண்டிய பொறி ஒன்று உண்டு. சூரிய மின்சாரத்துக்கான பேட்டரிகளில் சி10 என்று போட்டிருப்பார்கள். பத்து மணி நேரத்தில் காலி செய்தாலும் அந்த அளவு கிடைக்கும் என்று அர்த்தம். எனவே சி10 கணக்கில் 150 என்று போட்ட பேட்டரி, சி20 கணக்கில் 150 என்று போட்டதைவிடப் பெரியது. இரண்டு கடைகளில் விலை கேட்டு ஒப்பிடும்போது இரண்டும் ஒரே கணக்கில் சொல்லப்பட்டவையா என்று பார்த்தாக வேண்டும். இல்லையென்றால் நீங்கள் ஒப்பிடுவது வேறு வேறு பொருள்களை.

3. பெரிய பேட்டரிக்கு முன் மின்விசிறியைப் பாருங்கள்

ஆறு மணி நேரம் வேண்டும் என்றதும் கடைக்காரர் 220 ஏ.எச். காட்டினார், அல்லது இரண்டு பேட்டரி போடும் 24 வோல்ட் இன்வெர்ட்டர். நான் செய்தது வேறு. மூன்று மின்விசிறிகளையும் குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. வகைக்கு மாற்றினேன். முழு வேகத்தில் ஒன்று சுமார் 30 வாட். மூன்றுக்கும் 90, விளக்கும் ரவுட்டரும் 70, ஆக 160 வாட்.

இப்போது பேட்டரியிலிருந்து எடுப்பது 17 ஆம்பியர்தான். மெதுவாக எடுப்பதால் அதே 150 ஏ.எச். பேட்டரி 120 ஏ.எச். அளவுக்குத் தருகிறது. கணக்குப்படி ஏழு மணி நேரம். சுமை குறையக் குறைய இன்வெர்ட்டர் தனக்கு எடுத்துக்கொள்ளும் பங்கு கூடும் என்பதால் ஆறு, ஆறரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் விளக்கு எரிவதில்லை என்பதால் எங்களுக்கு மாலை ஐந்து வரை தாங்குகிறது. மின்விசிறிகளுக்குச் செலவானது ஒன்பதாயிரம் ரூபாய் அளவு. அது மறுபடி செலவாகாது. பேட்டரியோ நாலைந்து வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியது. அதனால் பெரிய பேட்டரிக்கு முன் சுமையைக் குறைப்பதுதான் என் முதல் பரிந்துரை.

4. உங்கள் இன்வெர்ட்டரால் அந்தப் பேட்டரியை நிரப்ப முடியுமா?

பலர் கேட்காமல் விடும் கேள்வி இது. இன்வெர்ட்டரின் பின்பக்கத்திலோ கையேட்டிலோ சார்ஜ் செய்யும் ஆம்பியர் எவ்வளவு என்று இருக்கும். பேட்டரியின் ஏ.எச்.-இல் பத்தில் ஒரு பங்கு இருந்தால் நல்லது. 150-க்கு 15 ஆம்பியர், 200-க்கு 20.

பழைய சிறிய இன்வெர்ட்டர் 10 ஆம்பியர்தான் தரும் என்று வைத்துக்கொள்வோம். அதில் 200 ஏ.எச். பேட்டரியைக் கட்டினால், காலியானதை மறுபடி நிரப்ப ஒரு பகலும் ஓர் இரவும் சரியாக இருக்கும். அதற்குள் இன்னொரு மின்தடை வந்தால் பேட்டரி அரைகுறை நிலையிலேயே கிடக்கும். அப்படிக் கிடக்கும் ஈய-அமில பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அந்தப் படிவு மறுபடி கரையாது. பெரிய பேட்டரி வாங்கியும் சீக்கிரம் போய்விட்டது என்று சொல்கிறவர்களின் வீட்டில் இந்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பேன்.

பல இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் சிறிய சுவிட்ச் ஒன்று இருக்கும். டியூபுலர், அதாவது நேர்மின் தகடு குழாய் வடிவில் உள்ள பேட்டரி போட்டால் அது டியூபுலரில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் மூன்று வருஷமாக அது வேறு வகையில்தான் இருந்தது. பழுது பார்க்க வந்தவர் சொல்லித்தான் தெரிந்தது.

5. வகையும் எடையும்

தட்டைத் தகடு கொண்ட ஃபிளாட் பிளேட் பேட்டரி மலிவு, ஆனால் அடிக்கடி மின்தடை வரும் வீட்டுக்கு உகந்ததல்ல. உயரமான டியூபுலர் பேட்டரிதான் வீடுகளுக்குச் சரியான தேர்வு. குட்டை டியூபுலர் இரண்டுக்கும் நடுவில்.

ஒரே ஏ.எச். சொல்லும் இரண்டு பேட்டரிகளில் எது உண்மையில் பெரியது என்று அறிய, விளம்பரத் தாளில் எடையைப் பாருங்கள். ஈயம்தான் விலை, ஈயம்தான் ஆயுள், ஈயத்தைக் குறைத்தால் எடையில் தெரிந்துவிடும். அமிலத்தோடு சேர்த்து உயரமான 150 ஏ.எச். டியூபுலர் 55 முதல் 60 கிலோ அளவுக்கு இருக்கும். அதே எண்ணைச் சொல்லிக்கொண்டு ஏழெட்டு கிலோ குறைவாக இருந்தால் காரணம் கேளுங்கள். அமிலம் இல்லாத எடையும் தாளில் இருந்தால் அதையே ஒப்பிடுங்கள், அது இன்னும் துல்லியம்.

ஒரே நிறுவனம் 36 மாத வாரண்டிக்கு ஒன்றும் 60 மாத வாரண்டிக்கு ஒன்றும் விற்கும்போது எடை வித்தியாசத்தையும் பாருங்கள். எடை கூடியிருந்தால் கூடுதல் காசுக்குப் பொருள் கிடைக்கிறது. எடை ஒன்றாகவே இருந்தால் கூடுதல் காசு உத்தரவாதத்துக்கு மட்டும்தான் போகிறது. அதுவும் பயனுள்ளதுதான், ஆனால் ஆவணங்களைச் சரியாக வைத்திருப்பவருக்கு மட்டும்.

லித்தியம் பேட்டரி பற்றியும் கேட்பீர்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், எடை குறைவு, வேகமாக எடுத்தாலும் அளவு குறையாது. விலைதான் மிகவும் கூடுதல், பழைய இன்வெர்ட்டரோடு ஒத்துப்போகுமா என்பதையும் நிறுவனத்திடமே எழுத்தில் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். இன்வெர்ட்டரையும் சேர்த்தே புதிதாக வாங்குகிறவர்கள் அதையும் விலை கேட்டுப் பாருங்கள். இன்வெர்ட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் டியூபுலரே போதும்.

6. "36 + 24" என்பதை இரண்டாக உடைத்துப் படியுங்கள்

நான் ஐந்து வருஷம் என்று நம்பியது இதைத்தான். முதல் 36 மாதங்களில் பழுதானால் இலவச மாற்று. அடுத்த 24 மாதங்கள் "புரோ ரேட்டா", அதாவது புது பேட்டரியை நீங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டும், விலையில் குறிப்பிட்ட சதவீதம் தள்ளுபடி கிடைக்கும். மாதம் ஏற ஏறத் தள்ளுபடி இறங்கும். அட்டவணை வாரண்டி கார்டின் உட்பக்கம் இருக்கிறது.

அந்தத் தள்ளுபடி எந்த விலையிலிருந்து என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கழிப்பது எம்.ஆர்.பி.-யிலிருந்து. கடையில் யாரும் எம்.ஆர்.பி.-க்கு பேட்டரி வாங்குவதில்லை. எனக்கு நடந்ததை எண்களோடு சொல்கிறேன். 36 மாதம் முடியும் முன்பே எனக்கு இந்தக் கணக்கு ஏன் வந்தது என்பதை எட்டாம் படியில் சொல்கிறேன். எம்.ஆர்.பி. 21,000. எனக்குச் சொன்ன தள்ளுபடி 30 சதவீதம், அதாவது 6,300. நான் கட்ட வேண்டியது 14,700, பழைய பேட்டரியையும் ஒப்படைத்துவிட வேண்டும். அதே நாளில் அதே பேட்டரியைப் பக்கத்துக் கடையில் கேட்டேன். விலை 15,500, பழையதைக் கொடுத்தால் 3,000 கழித்து 12,500. வாரண்டியைப் பயன்படுத்தினால் எனக்கு 2,200 ரூபாய் நஷ்டம்.

அதனால் வாரண்டியை எடைபோடும்போது கூட்டல் குறிக்கு முன்னால் இருக்கும் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருப்பதை இல்லை என்றே வைத்துக் கணக்கிடுங்கள்.

இன்னொன்று: இலவசமாக மாற்றித் தரும் பேட்டரிக்குப் புதிய வாரண்டி தொடங்காது. பழையதில் மீதியிருக்கும் மாதங்கள்தான். முப்பதாவது மாதத்தில் மாற்றினால், கிடைத்த பேட்டரிக்கு ஆறு மாதம்தான் இலவசக் காலம். இதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை, கார்டில் இருக்கிறது.

7. மாதத்துக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள்

விலையைக் கேட்கும்போது எப்போதும் இரண்டு விலை கேளுங்கள்: பழைய பேட்டரி கொடுத்தால் எவ்வளவு, கொடுக்காவிட்டால் எவ்வளவு. "எக்ஸ்சேஞ்சில் இவ்வளவு" என்று ஒரே விலையாகச் சொன்னால் உங்கள் பழைய பேட்டரிக்கு என்ன மதிப்புப் போட்டார்கள் என்று தெரியாமலே போய்விடும். எனக்கு மூன்று கடைகளில் பழையதற்கு 1,800, 2,400, 3,000 என்று சொன்னார்கள். ஒரே பேட்டரிக்கு!

பிறகு இந்தக் கணக்கைப் போடுங்கள். புது பேட்டரியின் விலையிலிருந்து, அது ஆயுள் முடிந்து பழைய இரும்புக்குப் போகும்போது கிடைக்கக்கூடியதைக் கழியுங்கள். இலவச மாற்று மாதங்களால் வகுங்கள். எனக்கு வந்த மூன்று விலைகள் இப்படி:

முதலாவது 12,300, இலவசக் காலம் 24 மாதம். பழைய மதிப்பு 2,500 போனால் 9,800. மாதத்துக்கு 408 ரூபாய்.

இரண்டாவது 15,500, இலவசக் காலம் 36 மாதம். 3,000 கழித்தால் 12,500. மாதத்துக்கு 347.

மூன்றாவது 18,600, இலவசக் காலம் 48 மாதம். 3,200 கழித்தால் 15,400. மாதத்துக்கு 321.

மலிவு என்று கண்ணில் பட்டதுதான் மாதக் கணக்கில் விலை கூடியது. நன்றாகப் பராமரித்தால் எந்தப் பேட்டரியும் இலவசக் காலத்தைத் தாண்டி ஓடும், அதனால் உண்மைச் செலவு இதைவிடக் குறையும். ஆனால் உறுதியாகக் கையில் இருக்கும் மாதங்களை வைத்து ஒப்பிட்டால்தான் ஏமாற மாட்டீர்கள். மூன்றாவதன் எடையும் இரண்டாவதைவிட ஐந்து கிலோ கூடுதலாக இருந்தது. அதையே வாங்கினேன்.

விலைச்சீட்டில் வரியையும் பாருங்கள். ஈய-அமில பேட்டரிக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். பழைய எம்.ஆர்.பி. ஒட்டிய பெட்டியைக் காட்டி "இவ்வளவு தள்ளுபடி" என்று சொன்னால், அதில் ஒரு பகுதி வரி குறைந்ததால் வந்தது என்பது நினைவிருக்கட்டும்.

பழையதை விற்கும்போது அமிலத்தைக் கொட்டிவிட்டு எடை போடச் சொல்லும் ஆள்களிடம் கொடுக்காதீர்கள். அந்த அமிலம் உங்கள் தெருச் சாக்கடைக்குத்தான் போகும். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரியை வீட்டுக் குப்பையோடு சேர்ப்பதும் கூடாது. புது பேட்டரி விற்பவரிடமே முழுசாகக் கொடுத்து, ரசீதில் அந்தத் தொகையைத் தனியாக எழுதி வாங்குங்கள்.

8. பேட்டரியை வீட்டில் இறக்கும் நாளில், வந்த ஆளை அனுப்பும் முன்

பெரும்பாலான பின்னாள் சண்டைகளுக்கு விதை விழுவது இந்த அரை மணி நேரத்தில்தான். இறக்க வந்தவர்கள் அவசரப்படுவார்கள். அவசரப்பட விடாதீர்கள்.

முதலில் பேட்டரியின் மேல் பதித்திருக்கும் வரிசை எண்ணைப் பாருங்கள். அதே எண் வாரண்டி கார்டிலும் இருக்க வேண்டும், பில்லிலும் இருக்க வேண்டும். மூன்றும் ஒன்றா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். கார்டில் கடை முத்திரையும் விற்ற தேதியும் இருக்க வேண்டும். பில் ஜி.எஸ்.டி. எண்ணோடு அச்சிட்டதாக இருக்க வேண்டும், துண்டுச் சீட்டு கூடாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எனக்கு விழுந்த அடி இங்கேதான். என் பில்லில் "பேட்டரி 1" என்று கையால் எழுதியிருந்தது, வரிசை எண் இல்லை. கார்டில் முத்திரை இல்லை. பழுதானது வாங்கிய 34-ஆவது மாதம். இலவசக் காலத்துக்குள்தான். ஆனால் வாங்கிய தேதிக்கு ஆதாரம் இல்லை என்று சொல்லி, நிறுவனம் தயாரித்த தேதியிலிருந்து எண்ணியது. அது 2021 ஜனவரியில் தயாரித்த பேட்டரி. ஐந்து மாதம் கிடங்கில் இருந்திருக்கிறது. அவர்கள் கணக்கில் 39 மாதம். அதனால்தான் நான் மேலே சொன்ன 14,700 ரூபாய் பேச்சு வந்தது. கடையைத் தேடிப் போனேன், அந்த இடத்தில் செருப்புக் கடை இருந்தது.

தயாரித்த மாதத்தைக் கேட்டு, பேட்டரியில் அது எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். பல நிறுவனங்கள் அதை வரிசை எண்ணுக்குள்ளேயே குறியீடாக வைத்திருக்கும். மூன்று மாதத்துக்கு மேல் பழையது என்றால் வேறு கேளுங்கள். அமிலம் ஊற்றிய பேட்டரி சும்மா இருந்தாலும் மெதுவாக இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

பிறகு மல்டிமீட்டர் வைத்து வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். எதிலும் இணைக்காத நிலையில் 12.4-க்குக் குறைந்தால் எடுத்துக்கொள்ளாதீர்கள். அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இருந்தால் பேட்டரியின் ஆறு அறைகளையும் பார்க்கலாம். கண்ணாடிக் குழாயின் ரப்பர்க் குமிழை அழுத்தி அமிலத்தை உறிஞ்சினால் உள்ளே இருக்கும் மிதவை எழும். அமில மட்டம் தொடும் கோட்டில் படிக்க வேண்டும். முழுதாகச் சார்ஜ் ஆன டியூபுலரில் 1.240-ஐ ஒட்டி இருக்கும். எண்ணைவிட முக்கியம், ஆறும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கின்றனவா என்பது. ஒன்று மட்டும் விலகி இருந்தால் அந்த அறையில்தான் பழுது தொடங்கும்.

வைக்கும் இடம் காற்றோட்டமாக இருக்கட்டும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும், அதனால் விளக்கேற்றும் பூஜை அலமாரிக்குக் கீழே வைக்கவே கூடாது. முதல் நாள் சுமை எதுவும் கொடுக்காமல் பன்னிரண்டு மணி நேரம் சார்ஜ் ஏறட்டும். அன்றே நிறுவனத்தின் இணையதளத்திலோ தொலைபேசியிலோ வரிசை எண்ணைப் பதிவு செய்து, வரும் குறுஞ்செய்தியைப் படமெடுத்து வையுங்கள். பில்லையும் கார்டையும்கூட. பல பில்கள் மங்கும் தாளில் அச்சாகின்றன, ஒரு வருஷத்தில் வெள்ளைத் தாளாகிவிடும்.

9. தண்ணீர்

மிதவை சிவப்புக் கோட்டுக்கு இறங்கும்போது டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். ஆர்.ஓ. தண்ணீர், மழைத் தண்ணீர், கொதித்து ஆறிய தண்ணீர் எதுவும் வேண்டாம். அமிலம் ஊற்றவே கூடாது. தண்ணீர் ஆவியாகிறது, அமிலம் உள்ளேயே இருக்கிறது. தகடு வெளியே தெரியும் அளவுக்கு வற்றிப்போனால் அது உங்கள் பராமரிப்புக் குறை என்று சொல்லி வாரண்டி மறுப்பார்கள். ஊற்றிய தேதியை கார்டின் பின்புறம் எழுதி வந்தால் அந்தப் பேச்சுக்கு இடமிருக்காது.

10. பழுதானால் நடப்பது என்ன

கடைக்குச் சொல்வதற்கு முன் நிறுவனத்தின் சேவை எண்ணுக்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். வருபவர் ஒவ்வொரு அறையிலும் ஹைட்ரோமீட்டர் வைத்து எழுதுவார். என் பேட்டரியில் ஐந்து அறைகள் 1.220-ஐ ஒட்டி இருந்தன, கம்பி முனைக்கு அருகில் இருந்த ஆறாவது 1.130. "இது உற்பத்திக் குறைதான்" என்று அவரே சொன்னார். ஓர் அறை மட்டும் இறங்கியிருந்தால் வாரண்டியில் வரும். ஆறும் சேர்ந்து இறங்கியிருந்தால் சார்ஜ் போதவில்லை என்று சொல்லி, எடுத்துப்போய்ச் சார்ஜ் ஏற்றித் திருப்பித் தருவார்கள். அப்படிச் சொன்னால் நான்காம் படியில் சொன்ன சார்ஜ் ஆம்பியரையும் சுவிட்சையும் பாருங்கள், பெரும்பாலும் குறை அங்கே இருக்கும்.

அவர் எழுதும் அறிக்கையைக் கையெழுத்துப் போடும் முன் படமெடுங்கள். பேட்டரியைச் சோதனைக்கு எடுத்துப்போனால் திரும்ப ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அதுவரை மாற்று பேட்டரி தருவார்களா என்று வாங்கும்போதே கேட்டு, பில்லில் ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள். எனக்கு இந்த முறை கடைக்காரர் மறுக்காமல் எழுதிக் கொடுத்தார்.

ஆவணம் எல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். புகார் எண், வரிசை எண், விற்ற தேதி, அறிக்கையின் படம் நான்கும் கையில் இருக்கும்போது அழையுங்கள்.